விற்ற விசிறி திரும்பி வந்தால் அதன் அடக்கத்தை எந்தக் கணக்கில் திருப்புவது?

விசிறிக்கடைக் கணக்கர்:

அனைவருக்கும் வணக்கம். திண்டுக்கல்லில் மின்விசிறி மொத்த வியாபாரம் செய்யும் ஒரு கடையில் அண்மையில் கணக்கெழுதும் பொறுப்பை ஏற்றுள்ளேன். எனக்கு முன்பு இருந்தவர் விற்பனைத் திருப்பங்களுக்கு எழுதிய பதிவுகளும் நான் எழுத நினைப்பவையும் வேறுபடுகின்றன. இரண்டிலும் வரும் இலாபத்திற்கு இடையே பெரிய இடைவெளி இருப்பதால் இங்கே கேட்கிறேன்.

ஒரே ஒரு மாடலை மட்டும் தனியாக எடுத்துக் காட்டுகிறேன். இந்த மாடலில் தொடக்க இருப்பு எதுவும் இல்லை. ஜனவரியில் ரூ.1,600 வீதம் 20 விசிறிகள் வாங்கினோம். பிப்ரவரி 10 அன்று அந்த இருபதையும் ரூ.2,000 வீதம் ஒட்டன்சத்திரத்தில் உள்ள ஒரு கடைக்கு விற்றோம்; விலை 40,000, ஜிஎஸ்டி 18 சதவீதம் 7,200, ஆக 47,200. பிப்ரவரி கடைசியில் விலை ஏறி, ரூ.1,700 வீதம் மேலும் 10 வாங்கினோம். மார்ச் 12 அன்று ஒட்டன்சத்திரம் கடை 5 விசிறிகளைத் திருப்பி அனுப்பியது. அவற்றுக்குக் கிரெடிட் நோட்டு கொடுத்து இந்தப் பதிவு எழுதப்பட்டுள்ளது:

விற்பனைத் திருப்பம் – பற்று 10,000
மத்திய ஜிஎஸ்டி – பற்று 900
மாநில ஜிஎஸ்டி – பற்று 900
ஒட்டன்சத்திரம் கடை – வரவு 11,800

இதில் எனக்கு ஐயம் இல்லை. ஆனால் முன்பு இருந்தவர் இதோடு நிற்காமல், நடப்புச் சொத்துகளின் கீழ் "திரும்பிய சரக்கு" என்று ஒரு கணக்கைத் திறந்து அதில் 8,000 பற்று எழுதி, கொள்முதல் கணக்கில் 8,000 வரவு வைத்துள்ளார். ஐந்து விசிறிகளின் அடக்கம் 8,000 என்பது சரிதான். மார்ச் 31 அன்று கிடங்கில் எண்ணியபோது 15 விசிறிகள் இருந்தன. ஆடிட்டருக்குக் கொடுத்த பட்டியலில் அவற்றின் மதிப்பு 25,000 (பத்து 1,700 வீதம், ஐந்து 1,600 வீதம்). அவருடைய பதிவுடன் பார்த்தால் இந்த மாடலின் மொத்த இலாபம் 14,000 வருகிறது. அந்தப் பதிவை எடுத்துவிட்டால் 6,000 வருகிறது. எது சரி?

வணிகவியல் ஆசிரியை:

முன்பு இருந்தவர் செய்ததில் தத்துவம் சரியாகவே உள்ளது. விற்பனை நடக்கும்போது இரண்டு மாற்றங்கள் நிகழ்கின்றன: வருவாய் வருகிறது, சரக்கு வெளியேறுகிறது. எனவே சரக்கு திரும்பும்போதும் இரண்டு பதிவுகள் தேவை. முதல் பதிவு வருவாயைக் குறைக்கிறது. அது விற்ற விலையில் அமையும். இரண்டாம் பதிவு சரக்கை இருப்பில் மீண்டும் சேர்க்கிறது. அது அடக்க விலையில் அமையும். அவர் கொள்முதலில் வரவு வைத்ததற்குப் பதிலாக விற்ற சரக்கின் அடக்கக் கணக்கில் வரவு வைத்திருக்க வேண்டும் என்பதே என் ஒரே திருத்தம். இரண்டாம் பதிவை எழுதாமல் விட்டால் திரும்பி வந்த சரக்கு ஏடுகளில் எங்குமே இருக்காது. ஆகவே அதை எடுத்துவிடாதீர்கள். கணக்கின் பெயரை மட்டும் மாற்றுங்கள்.

பழைய பேரேடு:

ஆசிரியை அம்மா சொல்லும் இரண்டு பதிவுகளும் ஒரு முறைக்கு முழுக்கச் சரியானவை. ஆனால் கேட்டவருடைய கடையில் அந்த முறை நடைமுறையில் இல்லை. இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள்.

கணக்கரிடம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். பிப்ரவரி 10 அன்று இருபது விசிறிகளை விற்றபோது, 32,000 ரூபாயைச் சரக்கிருப்பிலிருந்து குறைத்து ஒரு பதிவு எழுதினீர்களா? பெரும்பாலான சிறு வியாபாரிகளைப் போல நீங்களும் எழுதியிருக்க மாட்டீர்கள். வாங்கியது முழுவதும் கொள்முதல் கணக்கில் பற்றாக நிற்கிறது. ஆண்டு முடிவில் கிடங்கில் எண்ணி வரும் மதிப்பு வியாபாரக் கணக்கின் வரவுப் பக்கத்தில் ஏறுகிறது. அடக்கம் என்பது அந்த இரண்டின் வேறுபாட்டிலிருந்து தானாகக் கிடைப்பது. வெளியே போகும்போது பதிவு எழுதாத சரக்குக்கு, உள்ளே வரும்போது மட்டும் எதற்குப் பதிவு?

எண்களிலேயே பாருங்கள். கொள்முதல் 32,000 உடன் 17,000 சேர்ந்து 49,000. எண்ணி எடுத்த இறுதிச் சரக்கிருப்பு 25,000. வேறுபாடு 24,000, அதாவது வாடிக்கையாளரிடம் நிலைத்த 15 விசிறிகள், 1,600 வீதம். நிகர விற்பனை 30,000. மொத்த இலாபம் 6,000. விசிறிக்கு 400 வீதம் பதினைந்துக்கு 6,000 என்று விரல் விட்டே சரிபார்க்கலாம். திரும்பி வந்த ஐந்தும் கிடங்கில் எண்ணப்பட்டபோதே இருப்பில் சேர்ந்துவிட்டன.

முன்பு இருந்தவர் அதே 8,000 ரூபாயைக் கொள்முதலிலிருந்து மறுபடியும் கழித்ததால், அடக்கம் 16,000 ஆகச் சுருங்கி, இலாபம் 14,000 ஆக உப்பியது. இருப்புநிலைக் குறிப்பையும் பாருங்கள்: இறுதிச் சரக்கிருப்பு 25,000, "திரும்பிய சரக்கு" 8,000, ஆக 33,000. கிடங்கில் இருப்பதோ 15 விசிறிகள். வகுத்தால் ஒன்று 2,200 வருகிறது. நீங்கள் விற்கும் விலையே 2,000 தானே? வாங்கிய எந்த விலையையும் விட இருப்பின் சராசரி விலை கூடுதலாகத் தெரிந்தால், எங்கோ ஒரே சரக்கை இருமுறை எண்ணியிருக்கிறோம் அல்லது விற்ற விலையில் சேர்த்திருக்கிறோம் என்று பொருள். அந்தப் பதிவை நீக்குங்கள். 6,000 தான் சரி.

வணிகவியல் ஆசிரியை:

விற்றபோது அடக்கப் பதிவு எழுதப்படவில்லை என்பதை நான் கவனத்தில் கொள்ளவில்லை. அவ்வாறெனில் ஐயா சொல்வது பொருந்தும். ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு விற்பனைக்கும் அடக்கம் எழுதும் கடைகளில் இரண்டாம் பதிவு கட்டாயம். அங்கே சரக்கிருப்பில் 8,000 பற்று, விற்ற சரக்கின் அடக்கத்தில் 8,000 வரவு எழுதினால்தான் அடக்கம் 32,000 இலிருந்து 24,000 ஆகும். இலாபமும் அதே 6,000 வரும். இந்த இழையைப் படித்துவிட்டு யாரும் இரண்டாம் பதிவே தேவையில்லை என்ற முடிவுக்கு வந்துவிடக் கூடாது.

நூல்மூட்டை ஈரோடு:

நாங்களும் சரக்கைத் திருப்பும்போது இதே குழப்பத்தை அனுபவிக்கிறோம். கரூரிலிருந்து வரும் போர்வைகளில் சாயம் ஒட்டியிருந்தால் திருப்பி அனுப்பிவிட்டுப் பற்றுக் குறிப்பு அனுப்புவோம். அப்போது கொள்முதல் கணக்கில்தான் வரவு வைக்கிறோம். எங்கள் ஆடிட்டர் ஒருநாளும் குறை சொன்னதில்லை. ஆகவே அந்தப் பழைய கணக்கர் கொள்முதலில் வரவு வைத்ததில் தவறு என்ன என்று எனக்குப் புரியவில்லை.

பழைய பேரேடு:

அண்ணா, நீங்கள் சொல்வது நீங்கள் வாங்கிய சரக்கை நீங்களே திருப்புவது. அங்கே கொள்முதல் உண்மையாகவே குறைகிறது. போர்வை கரூருக்குப் போய்விட்டது, கடனும் குறைந்துவிட்டது. இங்கே கணக்கர் கேட்பது, விற்ற சரக்கு வாடிக்கையாளரிடமிருந்து திரும்பி வருவது. விசிறி உற்பத்தியாளரிடம் வாங்கியது 30. அந்தக் கொள்முதலில் எதுவும் குறையவில்லை. கொள்முதலைத் தொட இடமே இல்லை.

நூல்மூட்டை ஈரோடு:

சரி, நான் திசை மாறிப் படித்துவிட்டேன். ஆனால் விற்பனைப் பக்கமும் எங்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. சில்லறையில் சட்டை அளவு சரியில்லை என்று கொண்டுவருபவருக்கு, அதே விலையில் வேறு அளவுச் சட்டையைக் கொடுத்து அனுப்பிவிடுகிறோம். எந்தப் பதிவும் எழுதுவதில்லை. இதுவும் விற்பனைத் திருப்பம்தானா?

டாலி பயிற்றுநர்:

ஒரே மாடல், ஒரே விலை, அளவு மட்டும் வேறு என்றால் மொத்தப் பணக்கணக்கில் மாற்றம் இராது. ஆனால் அளவு வாரியாக இருப்பு வைத்திருந்தால், 40 அளவில் ஒன்று கூடுதலாகவும் 42 அளவில் ஒன்று குறைவாகவும் ஏடு காட்டும். சில மாதங்களில் கணினியில் உள்ள இருப்பை யாரும் நம்பாத நிலை வந்துவிடும். ஒரு திருப்பம், ஒரு புது விற்பனை என்று பதிவதே நல்லது.

மென்பொருளில் எழுதுபவர்களுக்காக ஒரு விஷயத்தைச் சேர்க்கிறேன். டாலியில் `Integrate Accounts with Inventory` என்பதை இயக்கி வைத்திருந்தால், இறுதிச் சரக்கிருப்பு பொருள் கணக்கிலிருந்து தானாகவே இலாப நட்டக் கணக்குக்கு வந்துவிடும். கையால் எண்ணை நிரப்ப வேண்டியதில்லை. அங்கே அடக்கத்துக்குத் தனிப் பதிவும் எழுதுவதில்லை. `Credit Note` வவுச்சரில் பொருளின் பெயரையும் எண்ணிக்கையையும் கொடுத்தால் போதும், ஐந்து விசிறிகள் இருப்பில் ஏறிவிடும்.

நான் பார்த்தவரை பிழை இரண்டு விதங்களில் நேர்கிறது. ஒன்று, பொருளையோ எண்ணிக்கையையோ குறிப்பிடாமல் வெறும் தொகையை மட்டும் கொடுத்துக் கிரெடிட் நோட்டை முடித்துவிடுவது. விற்பனை 10,000 குறையும், சரக்கு ஏறாது. இந்தக் கணக்கில் அப்படிச் செய்தால் இருப்பு 17,000 மட்டுமே தெரியும், அடக்கம் 32,000 ஆகவே நிற்கும், விற்பனை 30,000, ஆக 2,000 நட்டம் வரும். இலாபம் வைத்து விற்ற ஒரு மாடலில் நட்டம் தெரிந்தால் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும். கிடங்கில் எண்ணும்போது ஏட்டில் உள்ளதைவிட ஐந்து கூடுதலாக இருக்கும். அதுவே இரண்டாவது சான்று. இரண்டாவது பிழை, விற்ற விலையிலேயே இருப்பு மதிப்பு ஏறிவிடுவது. இதற்குப் பழைய பேரேடு ஐயா ஓர் எண் கணக்குக் கொடுத்தால் நன்றாக இருக்கும்.

பழைய பேரேடு:

கொடுக்கிறேன். ஐந்து விசிறிகள் 1,600 வீதம் ஏறாமல் 2,000 வீதம் ஏறினால், இருப்பு 27,000 ஆகிவிடும். அடக்கம் 49,000 இலிருந்து 27,000 கழித்து 22,000. இலாபம் 8,000. இந்த 8,000 எங்கே இருந்தது என்று நினைவு இருக்கிறதா? இருபது விசிறிகளும் போய்ச்சேர்ந்த அன்று வந்த இலாபம் அதுதான். வருவாயை 10,000 குறைத்து, அடக்கத்தையும் 10,000 குறைத்தால், திரும்பி வந்த ஐந்து விசிறிகளுக்கான 2,000 இலாபம் அசையாமல் அப்படியே நிற்கும். விற்பனை ரத்தானது, இலாபம் மட்டும் ரத்தாகவில்லை. இன்னும் விற்காத சரக்கின் மேல் இலாபம் எழுதியதாகிவிடுகிறது. இருப்பைப் பதினைந்தால் வகுத்தால் 1,800 வரும். நீங்கள் கொடுத்த அதிகபட்ச விலை 1,700. மீண்டும் அதே அறிகுறி.

எந்த மென்பொருளாக இருந்தாலும், திருப்பத்தைப் பதிந்தவுடன் அந்தப் பொருளின் இருப்பு விலையை ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள். பதிவதற்கு முன்பு 1,700, பதிந்தபின் 1,666 ரூபாய் 67 காசு என்று இறங்கியிருந்தால் சரி. ஏறியிருந்தால் விற்ற விலை உள்ளே புகுந்துவிட்டது.

விசிறிக்கடைக் கணக்கர்:

மிக்க நன்றி ஐயா. நாங்கள் டாலியில்தான் எழுதுகிறோம். ஆனால் இணைப்பு இயக்கப்படவில்லை, ஆண்டு முடிவில் கையால்தான் இருப்பை நிரப்புகிறோம். எனவே அந்த 8,000 பதிவை நீக்கிவிடுகிறேன்.

இரண்டு விஷயங்கள் எஞ்சியுள்ளன. முதலாவது, 1,600 வீதம் என்பதை எப்படி உறுதியாகச் சொல்வது? திரும்பி வந்த நாளில் எங்கள் இருப்பில் இருந்தவை எல்லாம் 1,700 ரூபாய்ச் சரக்கு. இரண்டாவது, வந்த ஐந்தில் இரண்டின் இறக்கைகள் வளைந்துள்ளன. அவற்றை நிமிர்த்தி ரூ.1,000 வீதம் விற்கலாம் என்று முதலாளி சொல்கிறார். நிமிர்த்தவும் பெட்டி மாற்றவும் விசிறிக்கு ரூ.100 செலவாகும்.

பழைய பேரேடு:

முதல் கேள்விக்கு: எந்த அடக்கத்தில் வெளியே போனதோ அந்த அடக்கத்தில்தான் உள்ளே வர வேண்டும். பிப்ரவரி 10 அன்று உங்களிடம் 1,700 ரூபாய்ச் சரக்கே கிடையாது; எனவே திரும்பி வந்தவை ஜனவரிச் சரக்கு என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை. பல கொள்முதல்கள் கலந்து போயிருந்தால் பழைய பில் எண்ணைப் பிடித்து, அந்த நாளின் சராசரியை எடுக்க வேண்டும். கிரெடிட் நோட்டில் மூல பில் எண்ணையும் தேதியையும் குறிப்பிடுவது ஜிஎஸ்டிக்காக மட்டும் அன்று. அடக்கத்தைத் தேடுவதற்கும் அதுவே வழி. பில் எண்ணைக் குறிக்காத கிரெடிட் நோட்டுகளை வைத்துக்கொண்டு ஆண்டு முடிவில் அடக்கம் தேடுபவர்களைப் பார்த்தால் எனக்கே அழுகை வரும்.

இரண்டாவது கேள்வி. மூன்று நல்ல விசிறிகள் 1,600 வீதம் வரும். வளைந்த இரண்டையும் அடக்கம், அல்லது விற்றால் கையில் நிகரமாக நிற்கும் தொகை, இரண்டில் எது குறைவோ அந்த விலையில் காட்ட வேண்டும். கணக்குத் தரநிலை 2 சொல்வது இதுவே. 1,000 இலிருந்து 100 போக 900. ஆக விசிறிக்கு 700 குறைகிறது, இரண்டுக்கும் 1,400. உங்கள் பட்டியலில் இறுதிச் சரக்கிருப்பு 25,000 அன்று, 23,600. இலாபம் 4,600.

ஒன்றை மறக்காதீர்கள். எண்ணிக்கைப் பட்டியலிலேயே 900 வீதம் எழுதிவிட்டால் அந்த 1,400 நட்டம் இலாபத்தில் ஏற்கெனவே கழிந்துவிட்டது. அதற்கு மேல் "சேதமான சரக்கு நட்டம்" என்று ஒரு குறிப்பேட்டுப் பதிவும் எழுதினால், 8,000 விஷயத்தில் நடந்ததே எதிர்த் திசையில் நடக்கும். இணைப்பு இயக்கிய கடைகளில் நிலைமை வேறு. அங்கே முதலில் 1,600 வீதம் ஏற்றிவிட்டு, பிறகு மதிப்புக் குறைப்பைத் தனியாகப் பதிவதே நல்லது. அப்போதுதான் திருப்பத்தால் வந்தது எவ்வளவு, சேதத்தால் போனது எவ்வளவு என்று முதலாளிக்குப் பிரித்துக் காட்ட முடியும்.

மருந்து மொத்தம்:

சேதமான சரக்கு என்றவுடன் ஒரு கேள்வி. அந்த இரண்டு விசிறிகளை வாங்கியபோது எடுத்த உள்ளீட்டு வரியைத் திருப்ப வேண்டாமா? மருந்தில் நாங்கள் அழித்துவிடும் சரக்குக்குத் திருப்பித்தான் ஆக வேண்டும்.

பழைய பேரேடு:

அழித்தாலோ, ஏட்டிலிருந்து முற்றிலும் நீக்கினாலோ திருப்ப வேண்டும். ஜிஎஸ்டி சட்டத்தின் 17(5)(எச்) பிரிவு தொலைந்த, திருடுபோன, அழிந்த, ஏட்டிலிருந்து நீக்கிய சரக்குகளுக்கு உள்ளீட்டு வரியை மறுக்கிறது. அப்படியானால் விசிறிக்கு 1,600 மேல் 18 சதவீதம், 288 ரூபாய், இரண்டுக்கும் 576. நட்டம் 3,200 உடன் அதையும் சேர்த்தால் 3,776. ஆனால் இங்கே விசிறிகள் விற்பனைக்காகவே வைக்கப்பட்டுள்ளன. மதிப்பைக் குறைத்துள்ளோம், நீக்கவில்லை. 1,000 ரூபாய்க்கு விற்கும்போது அதன் மேல் வரியும் கட்டப்போகிறோம். எனவே திருப்பத் தேவையில்லை என்பது என் கருத்து.

மருந்து மொத்தம்:

உங்கள் கருத்து என்று சொல்கிறீர்கள், ஒத்துக்கொள்கிறேன். ஆய்வுக்கு வருபவர் 1,600 ரூபாய்ச் சரக்கு 900 ஆனதைப் பார்த்தவுடன் கேள்வி எழுப்பினால், சரக்கு கிடங்கில் உடல்ரீதியாக இருந்தது என்பதற்குச் சான்று வேண்டும். எனவே அந்த இரண்டையும் தனியாக வைத்து, தனிப் பெயரில் இருப்பு எழுதி, விற்ற பில்லையும் கோர்த்து வைப்பது நல்லது.

இப்போது எங்கள் சொந்தச் சிக்கலுக்கு வருகிறேன். எங்களிடம் வாங்கும் மருந்துக்கடைகள் பலவும் சரக்கைத் திருப்பும்போது கிரெடிட் நோட்டுக்குக் காத்திருப்பதில்லை. அவர்களே எங்கள் பெயருக்கு விற்பனைப் பில் போட்டு அனுப்பிவிடுகிறார்கள். 2018 அக்டோபரில் காலாவதி மருந்துகளுக்காக வந்த சுற்றறிக்கை இரண்டு வழிகளையும் ஏற்றது: திருப்பத்தைப் புதிய விற்பனையாகக் காட்டலாம், அல்லது கிரெடிட் நோட்டில் முடிக்கலாம். பிற காரணங்களால் திரும்பும் சரக்குக்கும் அது பொருந்தும் என்றும் அதில் உள்ளது. நான் கேட்பது காலாவதியாகாத, மறுபடியும் விற்கக்கூடிய சரக்கைப் பற்றி. கடைக்காரர் பில் போட்டுவிட்டால், என் ஏட்டில் அது கொள்முதல். எந்த விலையில் இருப்பில் ஏற்றுவது? பில்லில் உள்ள விலைதானே என் கொள்முதல் விலை? எங்கள் ஆடிட்டர் அப்படித்தான் சொல்கிறார்.

பழைய பேரேடு:

நல்ல கேள்வி, இதில் நாம் இருவரும் உடன்படப் போவதில்லை என்று நினைக்கிறேன். விசிறிக் கணக்கிலேயே போட்டுப் பார்க்கலாம். ஒட்டன்சத்திரம் கடை ஐந்து விசிறிகளுக்கு 2,000 வீதம் 10,000, வரி 1,800 என்று பில் போட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். விற்பனை 40,000 ஆகவே நிற்கும். கொள்முதல் 59,000. வரியில் சிக்கல் இல்லை. அந்த 1,800 உள்ளீட்டு வரியாகத் திரும்பிவிடும். இப்போது இருப்பை 27,000 என்று எடுத்தால் இலாபம் 8,000. 25,000 என்று எடுத்தால் 6,000.

என் பார்வையில் 6,000 தான் உண்மை. தாள் மாறியதால் வியாபாரத்தின் நடப்பு மாறிவிடாது. சரக்கு பிடிக்கவில்லை என்று திருப்பிவிட்டார்கள், அவ்வளவுதான். அதே விசிறியைத் தொழிற்சாலையிலிருந்து 1,700 ரூபாய்க்கு வாங்கக் கிடைக்கும்போது எந்த வியாபாரியும் 2,000 கொடுத்துக் கொள்முதல் செய்ய மாட்டான். எனவே ஜிஎஸ்டிக்குக் கொள்முதலாக விட்டுவிட்டு, இருப்பை மட்டும் பழைய அடக்கத்தில் எடுங்கள். இலாப விகிதம் 20 சதவீதத்திலிருந்து 15 சதவீதமாகத் தெரியும். விற்பனைத் தொகை உண்மையை விடக் கூடுதலாகத் தெரிவதால் வருவது அது.

மருந்து மொத்தம்:

நடப்பு பற்றி நீங்கள் சொல்வது விளங்குகிறது. ஆனால் என்னிடம் சட்டப்படி செல்லும் ஒரு பில் இருக்கும்போது, அதில் உள்ள விலையை ஒதுக்கிவிட்டு வேறு அடக்கத்தை நானாக எழுதினால், நாளைக்கு வருமான வரித்துறை இருப்பைக் குறைத்துக் காட்டியதாகச் சொல்லாதா? பில் விலை 2,000, விற்கும் விலையும் 2,000 என்னும்போது அதற்குக் கீழே மதிப்பிட எனக்கு என்ன ஆதாரம் இருக்கிறது? ஆடிட்டர் கையெழுத்திடுபவர், அவர் வழியிலேயே போகிறேன். கடைகளைக் கிரெடிட் நோட்டு வழிக்குக் கொண்டுவருவதுதான் இதற்கு முழுத் தீர்வு. அது என் கையில் இல்லை.

டாலி பயிற்றுநர்:

கிரெடிட் நோட்டு வழியிலும் ஒரு நிபந்தனை உண்டு என்பதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பதிவு பெற்ற வாடிக்கையாளர் அந்த 1,800 ரூபாயை உள்ளீட்டு வரியாக எடுத்திருந்தால், அவர் அதைத் திருப்பினால்தான் நாம் நம் வரிப் பொறுப்பைக் குறைத்துக்கொள்ள முடியும். 2025 நிதிச் சட்டம் 34-ஆம் பிரிவில் இதைத் தெளிவாகவே எழுதிவிட்டது. எனவே கிரெடிட் நோட்டை ஜிஎஸ்டிஆர்-1 இல் ஏற்றியதோடு நிற்காமல், வாடிக்கையாளர் அதை ஏற்றுக்கொண்டாரா என்று கேட்டு வாங்கி வைக்க வேண்டும். அவர் ஏற்க மறுத்தால் ஏட்டில் 11,800 குறைந்திருக்கும், வரிப் பக்கத்தில் 1,800 தொங்கும்.

விசிறிக்கடைக் கணக்கர்:

இதைக் கவனத்தில் கொள்கிறேன். இன்னும் ஒரு நிகழ்வு உள்ளது. மார்ச் 24 அன்று பழநியில் உள்ள ஒரு கடைக்கு வேறொரு மாடல் விசிறிகளை விற்றோம். அவற்றில் நான்கு ஏப்ரல் 9 அன்று திரும்பி வந்துள்ளன. விலை 8,000, அடக்கம் 6,400. ஓடும்போது மோட்டாரிலிருந்து சத்தம் வருகிறது என்று எழுதியிருக்கிறார்கள். மார்ச் 31 கணக்கு இன்னும் முடிக்கப்படவில்லை. இதை எந்த ஆண்டில் எழுதுவது?

வணிகவியல் ஆசிரியை:

திருப்பம் நிகழ்ந்த ஆண்டில்தான் எழுத வேண்டும். மார்ச் 24 அன்று விற்பனை முழுமையாக நிறைவேறிவிட்டது. பில் உண்டு, சரக்கு போய்ச் சேர்ந்துவிட்டது. மார்ச் 31 அன்று எந்தத் திருப்பமும் இல்லை. கிரெடிட் நோட்டின் தேதி ஏப்ரல் 9. ஏட்டில் ஏப்ரல், ஜிஎஸ்டியிலும் ஏப்ரல். இரண்டும் பொருந்தி நிற்கும். சிறு கடைக்கு இந்த எளிமையே பெரிய பலம்.

பழைய பேரேடு:

ஜிஎஸ்டியைப் பொறுத்தவரை அம்மா சொல்வதே சரி. ஏப்ரல் மாத விவரத்தில்தான் வரும், அதற்குத் தடையும் இல்லை. நிதியாண்டு முடிந்தபின் வரும் நவம்பர் 30, அல்லது ஆண்டு விவரம் தாக்கல் செய்யும் நாள், இரண்டில் எது முந்தையதோ அதுவரை கிரெடிட் நோட்டின் வழியே வரியைக் குறைக்கலாம்.

ஆனால் இலாபக் கணக்கில் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. கணக்குத் தரநிலை 4 கேட்கும் கேள்வி, செய்தி எப்போது வந்தது என்பது அன்று. அந்த நிலை மார்ச் 31 அன்றே இருந்ததா என்பதுதான். மோட்டாரின் கோளாறு சரக்கு கடையிலிருந்து புறப்பட்டபோதே இருந்தது. எனவே கணக்கு முடியாத நிலையில், மார்ச் ஆண்டிலேயே 8,000 வருவாயைத் திருப்பி, 6,400 ரூபாயை "திரும்ப வர வேண்டிய சரக்கு" என்று காட்டலாம். சரக்கு அன்று பழநியில் இருந்ததால் கிடங்குப் பட்டியலில் அதைச் சேர்க்கக் கூடாது. சத்தம் போடும் மோட்டாருக்கு 6,400 கிடைக்காது என்றால் அதையும் குறைக்க வேண்டும். உற்பத்தியாளர் மாற்றித் தருவார் என்றால் குறைக்க வேண்டியதில்லை. மாறாக, பழநிக் கடைக்காரர் விற்பனை மந்தமாக இருக்கிறது என்று ஏப்ரலில் மனம் மாறித் திருப்பியிருந்தால், அது ஏப்ரல் நிகழ்வுதான். மார்ச்சைத் தொட வேண்டாம்.

வணிகவியல் ஆசிரியை:

அப்படியானால் ஏட்டின் விற்பனையும் ஜிஎஸ்டி விற்பனையும் 8,000 வேறுபடும். ஆண்டு விவரத்தில் அதற்கு விளக்கம் எழுத வேண்டும். அடுத்த ஆண்டு ஏப்ரலில் எதிர்த் திசையில் மறுபடியும் விளக்கம். 1,600 ரூபாய் இலாபத்துக்காக இவ்வளவு வேலை தகுமா?

பழைய பேரேடு:

1,600 ரூபாய்க்காக என்றால் தகாது. நானும் ஏப்ரலிலேயே விட்டுவிடுவேன். ஆனால் ஏப்ரல் முதல் இரண்டு வாரங்களில் மட்டும் மார்ச் விற்பனையில் பெரும்பகுதி திரும்பும் கடைகளைப் பார்த்திருக்கிறேன். விற்பனை இலக்கு எட்டுவதற்காக மார்ச் கடைசியில் சரக்கைத் தள்ளிவிட்டு, ஏப்ரலில் திரும்ப வாங்கிக்கொள்ளும் பழக்கம் அது. அங்கே ஏப்ரலில் எழுதுவது இலாபத்தைப் பொய்யாகவே காட்டும். கணக்கர் அம்மா, ஏப்ரலில் வந்த எல்லாத் திருப்பங்களையும் ஒரு தாளில் எழுதி, காரணத்தையும் மூல பில் தேதியையும் பக்கத்தில் குறித்து ஆடிட்டரிடம் கொடுங்கள். தொகையைப் பார்த்து அவர் முடிவெடுக்கட்டும்.

விசிறிக்கடைக் கணக்கர்:

பட்டியல் எடுத்துப் பார்த்தேன். ஏப்ரல் 15 வரை வந்த திருப்பங்கள் மொத்தம் 61,000 ரூபாய் விலைக்கு உள்ளன. அவற்றில் 46,000 ரூபாய்ச் சரக்கு மார்ச் கடைசி வாரத்தில் விற்றது. பெரும்பாலான கிரெடிட் நோட்டுகளில் காரணம் என்ற இடம் காலியாகவே உள்ளது. வாடிக்கையாளர்களிடம் ஒவ்வொருவராகக் கேட்டுவிட்டு, கோளாறு எது, மனமாற்றம் எது என்று பிரித்து ஆடிட்டரிடம் கொண்டுபோகிறேன்.

நூல்மூட்டை ஈரோடு:

46,000 ரூபாய் என்றால் முதலாளியிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள் அம்மா. மார்ச் கடைசி வாரத்துச் சரக்கு ஏன் போனது என்பது வாடிக்கையாளரை விட அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கும்.